தென்னந்தோப்பு வைக்குமுன் போடவேண்டிய கணக்கு

புதிதாகத் தென்னந்தோப்பு வைக்க எண்ணும் குடியானவர் சாதாரணமாகப் போடும் கணக்கு ஒன்றுண்டு. இருபத்தைந்து வருஷத்துச் செலவையெல்லாம் ஒருபுறம் கூட்டுகின்றார். அதே காலத்து வரவையெல்லாம் மற்றொருபுறம் கூட்டுகின்றார். வரவில் செலவைக் கழித்து, மிச்சத்தை வருஷங்களால் வகுத்து, வருஷம் ஒன்றுக்கு ஏக்கர் ஒன்றுக்கு இன்ன தொகை இலாபம் என்று தீர்மானிக்கின்றார். கடன் மனுவுடன் இணைக்கப்படும் திட்டக் காகிதங்களிற் சிலவும் இம்முறையிலேயே இருக்கின்றன. இக்கணக்கில் கூட்டலிலும் கழித்தலிலும் பிழை ஏதுமில்லை. ஆயினும் கணக்கு பிழையானதே. இவ்வருஷம் கையிலிருந்து போகும் ரூபாயையும், இருபதாம் வருஷத்தில் கைக்கு வரும் ரூபாயையும் அது ஒரே பொருளாகப் பாவிக்கின்றது.

கடன் வாங்கியிருப்பவருக்கோ கடன் கொடுத்திருப்பவருக்கோ இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நூற்றுக்கு வருஷத்திற்கு 7 வீதம் வட்டி கிடைக்குமாயின், இன்றைய 100 ரூபாய் அடுத்த வருஷம் 107 ரூபாயாகும். ஆகையால் அடுத்த வருஷம் வரப்போகும் 107 ரூபாயின் இன்றைய மதிப்பு 100 ரூபாய்தான். வட்டிக்கு வட்டியாக 10 வருஷம் ஓடினால் ஒரு ரூபாய் ஏறக்குறைய இரண்டு ரூபாயாகின்றது. எனவே பத்தாம் வருஷத்தில் வரும் 50,000 ரூபாயை இன்று 25,400 ரூபாயாகவே மதிக்க வேண்டும். இருபத்தைந்தாம் வருஷத்தில் வரும் 50,000 ரூபாய் இன்று சுமார் 9,200 ரூபாய்க்குச் சமம். இவ்வாறு ஒவ்வொரு வருஷத்து வரவையும் செலவையும் இன்றைய மதிப்புக்குக் குறைத்து, பிறகு வரவிலிருந்து செலவைக் கழித்தால் நிற்பதே நிகர நிகழ்கால மதிப்பு எனப்படுவது. ஆலை வைப்போரும் சுரங்கம் தோண்டுவோரும் நெடுங்காலத் திட்டத்தைத் தொடங்குமுன் பார்ப்பது இதனையே. இதன் மூலக்கருத்து மரம் வளர்ப்போருக்கு அந்நியமானதன்று. ஜெர்மனி தேசத்து வன அதிகாரியாகிய மார்ட்டின் ஃபாஸ்ட்மன் என்பவர், காட்டுக்கென விடப்பட்ட வெறும் நிலத்தின் மதிப்பு என்ன என்ற கேள்விக்கு 1849ஆம் வருஷத்திலேயே இவ்வழியில் விடை கண்டு வெளியிட்டார்.

ஒரு ஏக்கரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தொகைகள் உத்தேசமானவை, ஒவ்வொருவரும் தம் ஊர்க் கூலிக்கும் விலைக்கும் தக்கபடி இவற்றை மாற்றிக்கொள்ளலாம். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் 70 நெட்டைத் தென்னம்பிள்ளைகள் நடப்படுகின்றன. குழி எடுக்கவும், பிள்ளை வாங்கவும், சொட்டுநீர்க் குழாய் பதிக்கவும், வேலி கட்டவும் தொடக்கத்தில் 90,000 ரூபாய் ஆகின்றது. முதல் ஆறு வருஷமும் காய்ப்பில்லை. தண்ணீர், எரு, களையெடுப்பு ஆகியவற்றுக்கு வருஷம் 20,000 ரூபாய் செல்கின்றது. இந்நிலத்தைத் தோப்பு வைக்காமல் குத்தகைக்கு விட்டிருந்தால் வருஷம் 10,000 ரூபாய் வந்திருக்கும். இவ்வரவு நின்றுபோவதையும் செலவாகவே எழுத வேண்டும். சொந்த நிலமாயிற்றே, அதற்குச் செலவேது என்று பலர் இதனை விட்டுவிடுகின்றனர். வீட்டார் செய்யும் வேலைக்குக் கூலி எழுதாமல் விடுவதும் இவ்வகைப் பிழையே. ஆக முதல் ஆறு வருஷத்துக்கும் ஆண்டுச் செலவு 30,000 ரூபாய்.

ஏழாம் வருஷம் முதல் ஒன்பதாம் வருஷம் வரை காய்ப்புப் படிப்படியாக ஏறும். பராமரிப்பும் குத்தகையும் போக இக்காலத்தில் வருஷத்துக்கு 20,000 ரூபாய் நிற்பதாக வைத்துக்கொள்வோம். பத்தாம் வருஷம் முதல் முழுக் காய்ப்பு. மரத்துக்கு 90 காயாக 6,300 காய். காய் 15 ரூபாயாக 94,500 ரூபாய். பறிகூலி, எரு முதலியவற்றுக்கு 34,500 ரூபாயும் குத்தகைக்கு 10,000 ரூபாயும் போக நிகரம் 50,000 ரூபாய். இது இருபத்தைந்தாம் வருஷம் முடியக் கிடைக்கின்றது. அதற்குப் பின்னும் மரம் காய்க்கும் என்பது உண்மையே. ஆனால் அவ்வளவு தூரத்து வரவு இன்றைய மதிப்பில் சிறுத்துவிடுமாதலால் இங்கு விடப்படுகின்றது.

சாதாரணக் கூட்டலின்படி இத்தோப்பு 25 வருஷத்தில் 5,90,000 ரூபாய் இலாபம் தருகின்றது. நூற்றுக்கு 7 வீதம் குறைத்துப் பார்த்தால், தொடக்கச் செலவும் ஆறு வருஷத்துச் செலவும் சேர்ந்து 2,33,000 ரூபாயாகின்றன. பின்வரும் வரவுகளெல்லாம் சேர்ந்து 2,92,000 ரூபாய்தான். நிகர நிகழ்கால மதிப்பு 59,000 ரூபாய். இது இலாபம் முழுவதும் அன்று. போட்ட முதலுக்கு 7 வீத வட்டியும், நிலத்துக்குக் குத்தகையும் கிடைத்து, அவற்றுக்கு மேல் நிற்கும் தொகை. ஆகவே தோப்பு வைப்பது தகும்.

இனி இதே ஏக்கரை, இதே பிள்ளைகளுடன், வேறொருவர் கையில் வைத்துப் பார்ப்போம். முதல்வர் பாங்கியில் நூற்றுக்கு 12 வீதத்துக்குக் கடன் பெறக்கூடியவர். இரண்டாமவர் ஊரில் இரண்டு வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்கு, வாங்குகின்றவர். வருஷத்துக்கு அது 24 வீதம். நம் கணக்கில் 12க்குப் பதிலாக 7 வீதம் வைத்த காரணத்தை இங்கே சொல்ல வேண்டும். தேங்காய் விலையையும் கூலியையும் 25 வருஷமும் இன்றைய விலையிலேயே வைத்திருக்கின்றோம். விலைவாசி ஆண்டுக்கு 5 வீதம் ஏறுமென்று கொண்டால், அவ்வேற்றத்தை வட்டியிலிருந்தும் நீக்க வேண்டும், 1.12ஐ 1.05ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7 வீதம் நிற்கும். 24 வீதக்காரருக்கு அவ்வாறே 18 வீதம் நிற்கும். காய் விலையை வருஷந்தோறும் ஏற்றிக்கொண்டு போய், வட்டியில் மட்டும் அவ்வேற்றத்தை நீக்கிவிடுவது திட்டக் காகிதங்களிற் காணப்படும் பெரும்பிழை. விலையை ஏற்றினால் முழு வட்டியையும் போடவேண்டும். விலையை நிறுத்தினால் குறைத்த வட்டியைப் போடவேண்டும். இரண்டிலும் அனுகூலமான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் எத்திட்டமும் இலாபமாகவே தோன்றும்.

18 வீதத்தில் செலவின் இன்றைய மதிப்பு 1,95,000 ரூபாய். வரவின் இன்றைய மதிப்பு 74,000 ரூபாய் மாத்திரமே. இருபத்தைந்தாம் வருஷத்து 50,000 ரூபாய் இவருக்கு இன்று 800 ரூபாய் பெறும். ஆக இத்தோப்பு இவருக்கு 1,21,000 ரூபாய் நஷ்டம். மண்ணும் மரமும் ஒன்றே; வேறுபட்டது வட்டி. பக்கத்து வயற்காரர் தென்னை வைத்துச் செழித்தார் என்பது இவருக்கு ஒரு காரணமாகாது. கையில் 90,000 ரூபாய் இருந்தால் இரண்டு வட்டிக் கடனை முதலில் அடைப்பதே இவருக்கு ஏற்றது. எவ்வட்டியில் இலாபமும் நஷ்டமும் சமமாகின்றன என்று பார்த்தால், நம் உதாரணத்தில் அது நூற்றுக்கு 9க்குச் சற்றுக் கீழே நிற்கின்றது. தம் உண்மை வட்டி இதற்கு மேற்பட்டவர் நெட்டைத் தென்னையை இவ்விதமாக வைக்கலாகாது.

7 வீதக்காரரும் 59,000 ரூபாயை நம்பி உறங்கிவிடக் கூடாது. தண்ணீர்ப் பற்றாக்குறையாலோ, தரமற்ற பிள்ளையாலோ, காண்டாமிருக வண்டின் தாக்குதலாலோ காய்ப்பு ஒரே ஒரு வருஷம் தள்ளிப்போவதாக வைத்துக்கொள்வோம். வரவு முழுவதும் ஒரு வருஷம் பின்னடைகின்றது. காய்ப்பில்லாத காலச் செலவு ஒரு வருஷம் கூடுகின்றது. அப்போது நிகர மதிப்பு 21,000 ரூபாயாக இறங்கிவிடுகின்றது. ஒரு வருஷத் தாமதம் மூன்றில் ஏறக்குறைய இரண்டு பங்கை விழுங்குகின்றது. தாமதமில்லாமல், முழுக் காய்ப்புக் காலத்தில் காய் 15 ரூபாய்க்குப் பதிலாக 12 ரூபாய்க்கே போனாலோ, 38,000 ரூபாய் நஷ்டம். ஆகவே திட்டக் காகிதத்தில் ஒரே தொகையைக் காண்பித்தல் போதாது. தாமதம் நேரினும் விலை இறங்கினும் என்னவாகும் என்பதும் அதன் கீழே எழுதப்பட வேண்டும். 2018 நவம்பர் மாதத்துக் கஜா புயலில் தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் காய்ப்பிலிருந்த தோப்புகள் ஓரிரவில் சாய்ந்ததைக் கண்டவர்கள், கடற்கரையை அடுத்த பகுதிகளில் 25 வருஷ வரவையும் உறுதியாக எழுதத் துணியமாட்டார்கள்.

நிகர மதிப்பை உயர்த்தும் வழி, தூரத்து வரவைப் பெருக்குவதில் இல்லை; சமீபத்து வரவை உண்டாக்குவதிலேயே இருக்கின்றது. இளந்தோப்பின் இடைவெளியில் முதல் நான்கு வருஷம் நிலக்கடலையோ, வாழையோ, காய்கறியோ வைத்துச் செலவு போக வருஷம் 15,000 ரூபாய் எடுத்தால், 7 வீதக்காரருக்கு நிகர மதிப்பு 1,10,000 ரூபாயாக ஏறுகின்றது. இருபதாம் வருஷத்துக்குப் பின் மரத்துக்கு ஐந்து காய் கூடுவதைக் காட்டிலும் இது எத்தனையோ மடங்கு பெரிது. இரண்டாமவருக்கோ ஊடுபயிரும் போதவில்லை. அப்போதும் 80,000 ரூபாய் குறைகின்றது.

இவ்விரண்டாமவர் கணக்குப் பாராமல் தோப்பு வைத்துவிட்டார் என்றும், ஆறு வருஷம் கழித்துத் தம் பிழையை உணர்ந்தார் என்றும் கொள்வோம். மரங்களை வெட்டிவிட்டு நிலத்தைக் குத்தகைக்கு விடுவதா? இங்கே பலர் இருவகையாகவும் தவறுகின்றனர். இதுவரை போட்ட பணம் வீணாகக்கூடாதென்று தொடர்பவர் உண்டு. போட்டது நஷ்டமென்று வெறுத்து வெட்டுபவரும் உண்டு. போன பணம் வெட்டினாலும் திரும்பாது, விட்டாலும் திரும்பாது. ஆகையால் அதனைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. ஆறாம் வருஷ முடிவில் நின்று, இனி வரப்போகும் பத்தொன்பது வருஷத்தை மட்டும் பார்க்க வேண்டும். அவருடைய 18 வீதத்திலேயே குறைத்தாலும், செலவும் குத்தகையும் போக அவ்வரவின் மதிப்பு அன்றைக்கு 2,00,000 ரூபாயாகின்றது. தொடங்கத் தகாத தோப்பு, காய்க்கும் தறுவாயில் வெட்டத் தகாததாயிற்று. மரங்கள் நோயுற்றோ, கிணறு வறண்டோ, முன் எழுதிய வருஷம் 50,000 ரூபாய் இனி வராது என்று தெரிந்தால் மாத்திரம் அத்தொகையைத் திருத்திக்கொண்டு மறுபடி கணக்கிட வேண்டும்.