ஆயிரத்து ஏழு பேரும் எட்டுக் குழுக்களும்

தெமட்டகொடையில் என் வீட்டுத் தாழ்வாரத்தில் பழைய செய்தி நறுக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, 2011ஆம் ஆண்டு நான் எழுதிய ஒரு பத்திச் செய்தி கையில் அகப்பட்டது. பாம்புக்கடிக்கு ஏற்றப்படும் விஷமுறிவு மருந்தால் உண்டாகும் ஒவ்வாமையைத் தடுக்க மூன்று மருந்துகள் இலங்கையில் பரிசோதிக்கப்பட்டன என்றும், அந்த ஒவ்வாமை கணிசமாகக் குறைந்தது என்றும் அதில் எழுதியிருந்தேன். பொய் எதுவும் அதில் இல்லை. ஆனாலும் அது வெளியான சில நாள்களில் வெளிமாவட்ட வைத்தியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, உங்கள் நறுக்கோடு நோயாளியின் தமையன் வந்து நிற்கிறார். மூன்றையும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேட்கிறார். நீங்கள் ஆய்வை முழுதாக வாசித்தீர்களா?" என்றார். நான் வாசித்தது முடிவுரையை மட்டுமே.

அன்று எழுதத் தவறியதை இன்று எழுதுகிறேன். ஓர் ஆய்வைச் செய்தியாக்கும்போது அதன் முடிவைவிட, அது செய்யப்பட்ட முறைக்கே அதிக வரிகள் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு அந்த ஆய்வையே எடுத்துக்கொள்வோம்.

இலங்கையில் பயன்படும் விஷமுறிவு மருந்து குதிரையின் குருதியிலிருந்து இந்தியாவில் தயாரிக்கப்படுவது. அது உயிரைக் காக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் பங்குகொண்டோருள் 752 பேருக்கு, அதாவது நான்கில் மூவருக்கு, மருந்து ஏற்றியபின் ஏதோவொரு ஒவ்வாமை ஏற்பட்டது. ஆகவே, முன்கூட்டியே எதைக் கொடுத்தால் இது குறையும் என்ற கேள்வி எழுந்தது. அட்ரினலின், புரொமெத்தசின், ஹைட்ரோகோர்ட்டிசோன் ஆகிய மூன்றும் வைத்தியசாலைகளில் வழக்கத்திலிருந்தவை.

முதலில் கேட்க வேண்டியது, யாருக்கு எது கிடைக்கும் என்பதை யார் தீர்மானித்தார் என்பதாகும். வைத்தியரே தீர்மானித்திருந்தால், கடுமையாக நோயுற்றவருக்கு ஒரு மருந்தும் இலேசாகக் கடிபட்டவருக்கு வேறொன்றும் போயிருக்கலாம். பின்னர் மருந்தின் வேறுபாட்டையும் நோயின் வேறுபாட்டையும் பிரித்தறிய இயலாது. இங்கே 1007 நோயாளிகள் எழுமாற்றாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொருவருக்கும், விஷமுறிவு மருந்துக்குச் சற்று முன்னர், மூன்று மருந்துகளில் ஒவ்வொன்றுக்கும் உரியதாக உண்மை மருந்தோ அதைப் போன்ற போலி மருந்தோ கொடுக்கப்பட்டது. எது உண்மை என்பது நோயாளிக்கும் தெரியாது, கவனிப்பவருக்கும் தெரியாது. ஒவ்வாமை கடுமையானதா மிதமானதா என்பது ஓரளவு பார்ப்பவரின் தீர்ப்பு. அதனால் இந்த மறைப்பு இன்றியமையாதது.

இரண்டாவது, அந்த எட்டுக் குழுக்கள். மூன்று மருந்துகள், ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை என்றால், எட்டுச் சேர்க்கைகள் கிடைக்கும். ஒரு குழுவில் ஏறத்தாழ 126 பேர். இவ்வளவு சிறிய குழுக்களா என்று வாசகர் ஐயுறலாம். ஆனால் அட்ரினலினைப் பற்றிய கேள்விக்கு எட்டுக் குழுக்களில் அட்ரினலின் பெற்ற நான்கும் ஒருபுறம், பெறாத நான்கும் மறுபுறம் நிற்கின்றன. அதாவது ஏறத்தாழ ஐந்நூறு பேருக்கு எதிரே ஐந்நூறு பேர். இதே நோயாளிகளைக் கொண்டே மற்ற இரு மருந்துகளையும் சோதித்துவிடலாம். மூன்று ஆய்வுகளின் வேலையை ஒன்றே செய்கிறது.

இந்தச் சிக்கனம் ஓர் எடுகோளின் மீது நிற்கிறது. ஒரு மருந்தின் பயன், இன்னொரு மருந்து உடனிருந்தாலும் இல்லாவிட்டாலும் மாறாது என்பதே அது. அது பொய்த்தால் குழுக்களைச் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி உண்மையை மறைக்கும். இந்த ஆய்வில் அதுதான் நேர்ந்தது. அட்ரினலினுடன் ஹைட்ரோகோர்ட்டிசோனைச் சேர்த்தபோது அட்ரினலினின் பயன் அற்றுப்போனதாக ஆய்வாளர்கள் கண்டனர். என் செய்தியில் இல்லாத வாக்கியம் இதுவே. அந்தத் தமையன் கேட்ட 'மூன்றும் சேர்த்து' என்பதற்கு நேரெதிரான சான்று அங்கே இருந்தது. எனினும் இந்தக் கண்டுபிடிப்பு சிறிய குழுக்களை ஒப்பிட்டுப் பெறப்பட்டதால், ஐந்நூறுக்கு ஐந்நூறு என்ற ஒப்பீட்டின் உறுதி இதற்கில்லை என்பதையும் வாசகருக்குச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, எதை எப்போது அளந்தார்கள்? 48 மணித்தியாலத்துக்குள் ஏற்படும் கடுமையான ஒவ்வாமை என்று முன்னரே அறிவித்திருந்தார்கள். பல நேரங்களில் அளந்துவிட்டு, நல்ல விடை தந்த நேரத்தை மட்டும் பிறகு தெரிவுசெய்யவில்லை. அந்த அளவீட்டில் அட்ரினலின் கடுமையான ஒவ்வாமையை 38 சதவீதம் குறைத்தது; நம்பிக்கை இடைவெளி 26 முதல் 49 வரை. தாழ்ந்த எல்லையே 26 என்பதால், இது தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் 38 சதவீதம் என்பது ஒப்பீட்டு அளவு. உதாரணமாக, அட்ரினலின் இல்லாதபோது நூறு பேரில் நாற்பது பேருக்குக் கடுமையான ஒவ்வாமை வருமெனில், அட்ரினலினோடு அது ஏறத்தாழ இருபத்தைந்தாகும். 'நூறில் 38 பேர் தப்பினர்' என்று எழுதுவது பிழை.

நான்காவது, ஆய்வின் பலவீனம் எங்கே? ஒவ்வாமை வந்தவரைச் சும்மா விட முடியாதல்லவா? முதல் மணித்தியாலத்திலேயே 40 சதவீதமானோருக்கு மீட்புச் சிகிச்சையாக அதே மூன்று மருந்துகளும் கொடுக்கப்பட்டன. ஆகவே போலி மருந்து பெற்றவர்களிலும் பலர் பின்னர் உண்மை மருந்தைப் பெற்றார்கள். இது இரு பக்கங்களுக்குமான வேறுபாட்டை மங்கச் செய்யும். செயற்படச் சில மணித்தியாலங்கள் எடுக்கும் ஹைட்ரோகோர்ட்டிசோனை இந்த ஆய்வு மட்டும் முற்றாகத் தள்ளிவிட முடியாது. இன்னொன்று, அரிதான தீங்கு. ஐந்நூறு பேரில் ஒருவருக்கும் ஒரு விபரீதம் நேரவில்லை என்றால்கூட, உண்மையில் அது ஆயிரத்துக்கு ஆறு வரை இருக்கக்கூடும் என்பதே புள்ளிவிபரம் தரும் உறுதி.

இதற்கு முன் 1999இல், இலங்கையிலேயே 105 பேரைக் கொண்ட ஓர் ஆய்வு வெளியாகியிருந்தது. அட்ரினலின் பெற்ற 56 பேரில் 6 பேருக்கும், பெறாத 49 பேரில் 21 பேருக்கும் ஒவ்வாமை ஏற்பட்டது. வேறுபாடு நூற்றுக்கு 32. ஆனால் நான் கணக்கிட்டுப் பார்த்தபோது அதன் நம்பிக்கை இடைவெளி 16 முதல் 48 வரை விரிந்தது. அந்த ஆய்வு எல்லா ஒவ்வாமைகளையும் எண்ணியது, பின்னையது கடுமையானவற்றை. எனவே இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று கேட்பது பொருந்தாது. திசை ஒன்றே என்பதுதான் சொல்லத்தக்கது.

2011இல் நான் எழுதியிருக்க வேண்டியது இதுதான்: "1007 பாம்புக்கடி நோயாளிகள் எழுமாற்றாக எட்டுக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர், யாருக்கு எது கிடைத்தது என்பது இருதரப்புக்கும் மறைக்கப்பட்டது. முன்னரே குறித்த 48 மணித்தியால அளவீட்டில் அட்ரினலின் கடுமையான ஒவ்வாமையை 38 சதவீதம் குறைத்தது. மற்ற இரண்டும் குறைக்கவில்லை. ஹைட்ரோகோர்ட்டிசோன் சேர்ந்தபோது அட்ரினலினின் பயன் காணப்படவில்லை. இது சிறிய குழுக்களின் முடிவு. நாற்பது சதவீதமானோர் முதல் மணித்தியாலத்தில் மீட்புச் சிகிச்சை பெற்றதால் ஒப்பீடு ஓரளவு மங்கியிருக்கலாம்."

இது ஒரு பத்தியில் அடங்கும். அன்று எனக்குக் கிடைத்த இடமும் அவ்வளவுதான். இடமில்லை என்று நான் சொல்ல முடியாது. முறைப்பகுதியைத் திறந்து பார்க்கவில்லை என்பதே உண்மை.