இலச்சினையில் நின்றுவிடும் பெட்டியும் 'ரீசெற்' வைத்தியமும்

செற்-டொப் பெட்டி இயங்க மறுக்கின்றது என்று கடைக்குச் சொன்னால், அங்கு கிடைக்கும் ஆலோசனை அநேகமாக இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகின்றது. முதலாவது, "ரீசெற் பண்ணிப் பாருங்கோ." இரண்டாவது, "அதுக்கும் சரிவராட்டி புதுசு ஒண்டு எடுக்கிறதுதான் நல்லது." தொலைக்காட்சித் திரையில் இலச்சினை தோன்றி, அதற்கு அப்பால் எதுவும் நகராத நிலையில் தவிக்கின்ற பாவனையாளர் இந்த இரண்டையும் வேதவாக்காக ஏற்றுக்கொள்கின்றார். இந்த ஆலோசனையின் வரிசை பிழையானது என்பதே எனது கருத்து. ரீசெற் என்பது மூன்றாவதாகச் செய்ய வேண்டிய காரியம். அதனை முதலாவதாகச் செய்யச் சொல்வது விற்பவரின் நேரத்தை மிச்சப்படுத்துகின்றது. அதன் நட்டம் வாங்கியவரின் தலையில் விழுகின்றது.

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் தாய் தந்தையருக்கு வாங்கி அனுப்புகின்ற, இணையத்தின் வழியே தொலைக்காட்சியைக் காட்டுகின்ற சிறிய அன்ட்ரொயிட் பெட்டிகளைப் பற்றியே முதலில் பேசுகின்றேன். இவற்றுள் பெரும்பாலானவை ஒரே மாதிரியே விழித்தெழுகின்றன. மின்சாரம் கிடைத்தவுடன் சிறியதொரு துவக்க நிரல், சேமிப்பகத்தில் இருந்து ஒரு படத்தை எடுத்துத் திரையில் இடுகின்றது. அசையாமல் நிற்கும் அந்தப் படமே முதல் இலச்சினை. அதன் பின்னர் இயங்குதளத்தின் கரு ஏற்றப்படுகின்றது. அது எழுந்து அன்ட்ரொயிட் தொடங்கும்போது, அசைகின்ற அல்லது ஒளிர்ந்து மங்குகின்ற இரண்டாவது இலச்சினை வருகின்றது. முகப்புத் திரை வருவதற்கு வழக்கமாக ஒன்று அல்லது இரண்டு நிமிடங்கள் செல்லும். மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட பின் முதற்தடவை பத்து நிமிடங்கள்கூடச் செல்லலாம். அந்த வேளையில் பொறுமையிழந்து மின்னிணைப்பைப் பிடுங்குவதே சிலருடைய பெட்டிகளுக்கு எமனாகியிருக்கின்றது.

ஆகவே, இலச்சினை தெரிகின்றது என்பது ஒரு நல்ல செய்தி. செயலி உயிரோடு இருக்கின்றது, நினைவகம் வேலை செய்கின்றது, தொலைக்காட்சிக்குச் செல்லும் வயரும் சரியாக இருக்கின்றது என்று அது சொல்கின்றது. வயரை மாற்றுவதிலோ, தொலைக்காட்சியைக் குறை கூறுவதிலோ பயன் இல்லை. இலச்சினை அசையாமல் நின்றுவிட்டால் இயங்குதளத்தின் அடிப்படையே ஏற்றப்படவில்லை. அசைகின்ற இலச்சினை முடிவில்லாமல் சுழன்றுகொண்டிருந்தால் அடிப்படை எழுந்துவிட்டது, அதற்கு மேலுள்ளது எழ முடியாமல் திணறுகின்றது. ரீசெற் பயன்படக்கூடிய இடம் பெரும்பாலும் இந்த இரண்டாவது நிலைதான்.

பெட்டி நின்றுபோவதற்கான காரணங்களை மூன்றாக வகுத்துக்கொள்ளலாம். அவை ஒவ்வொன்றுக்கும் தனியான அடையாளம் உண்டு. மின்வழங்கல் பலவீனமாக இருந்தால் பெட்டி ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் அணைந்து, மீண்டும் முதலில் இருந்து தொடங்கும். வெப்பம் காரணமாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஒழுங்காகத் தொடங்கி, அரை மணித்தியாலம் அல்லது ஒரு மணித்தியாலம் ஓடிய பின் படம் உறைந்துவிடும். மென்பொருள் சிதைந்திருந்தால், குளிர்ந்திருந்தாலும் சூடாக இருந்தாலும், எந்த அடப்டரில் இருந்து மின்சாரம் கொடுத்தாலும், ஒரே இடத்திலேயே நிற்கும். ரீசெற் செய்வதற்கு முன்னர் இந்த மூன்றில் எது என்று பார்ப்பதற்கு ஒரு மணித்தியாலமும் இரவல் வாங்கிய ஓர் அடப்டருமே போதும்.

எங்கள் வீதியில் தனியாக வசிக்கின்ற ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் பெட்டியை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். ரொறன்ரோவில் இருக்கும் மகள் விடுமுறையில் வந்தபோது வாங்கி, தனது கணக்கைப் பதிந்து, வேண்டிய செயலிகளை எல்லாம் ஏற்றிக் கொடுத்துவிட்டுச் சென்றது அது. மூன்று ஆண்டுகள் ஓடிய பின் ஒருநாள் இலச்சினைக்கு அப்பால் போகவில்லை. கடைக்காரர் வழக்கமான இரண்டு வாக்கியங்களையும் சொன்னார். ஆசிரியை தயங்கினார். ரீசெற் செய்தால் மகளின் கணக்கு அழிந்துபோகும், கடவுச்சொல் தனக்குத் தெரியாது, மகளை அழைக்க வேண்டுமானால் அங்கே இப்போது நடுச்சாமம் என்றார். அந்தத் தயக்கமே பெட்டியைக் காப்பாற்றியது.

நான் சென்று பார்த்தபோது அசைகின்ற இலச்சினை வந்தது. ஒருமுறை இருபது விநாடியில் திரை இருண்டு முதலில் இருந்து தொடங்கியது. அடுத்த முறை ஒரு நிமிடம் தாக்குப்பிடித்தது. பெட்டி கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரிக்குள், பின்னல் துணியின் மீது இருந்தது. தொட்டால் நன்றாகச் சுட்டது. வெளியே எடுத்து ஒரு மணித்தியாலம் ஆறவிட்டோம். அதன் பின்னரும் அதே கதைதான். எனவே வெப்பம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஒரே இடத்தில் நிற்காதபடியால் மென்பொருளையும் உடனே சந்தேகிக்கத் தேவையில்லை. எஞ்சியது அடப்டர். அதில் 5 வோல்ற், 2 அம்பியர் என்று எழுதியிருந்தது. அதே 5 வோல்ற் அளவுள்ள, அதே முனையுள்ள, 3 அம்பியர் தரக்கூடிய இன்னோர் அடப்டரைச் செருகியதும் ஒன்றரை நிமிடத்தில் முகப்புத் திரை வந்துவிட்டது. மகளின் கணக்கும் செயலிகளும் அப்படியே இருந்தன.

அடப்டரை மாற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வோல்ற் அளவு சரியாக அதுவாகவே இருக்க வேண்டும். அம்பியர் கூடலாம், குறையக்கூடாது. செருகியின் நடுமுனை நேரா, எதிரா என்று காட்டும் சிறு குறியும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். 5 வோல்ற் பெட்டிக்கு 12 வோல்ற் அடப்டரைச் செருகினால் பெட்டி அத்தோடு முடிந்துவிடும்.

பழைய அடப்டரைத் திருத்துனர் ஒருவரிடம் கொடுத்தேன். சுமை எதுவும் இல்லாமல் அளந்தபோது 5.1 வோல்ற் காட்டியது. பெட்டியை இணைத்து, உள்ளே பற்றாசு வைத்த முனைகளில் அளந்தபோது 4.3 வரை இறங்கியது. துவக்கத்தில் செயலி அதிகம் உழைப்பதில்லை, ஆகவே இலச்சினை வந்துவிடுகின்றது. அன்ட்ரொயிட் எழும்போது செயலியின் கருக்கள் அனைத்தும் வைஃபையும் ஒரேயடியாக மின்னோட்டத்தைக் கேட்கின்றன. அடப்டரால் கொடுக்க முடியாமல் வோல்ற் அளவு சரிகின்றது, பெட்டி அணைகின்றது. அடப்டரை வெறுமனே அளந்துவிட்டு "அது நல்லாத்தான் இருக்கு" என்று சொல்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அடப்டருக்குள் கொள்ளளவி ஒன்று மேற்புறம் வீங்கியிருந்தது. அதனை வீங்கவைத்ததும் அந்த அலுமாரிதான். இவ்வகைக் கொள்ளளவிகளின் வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகின்றது என்பது மின்னணுத் துறையில் நெடுநாளாகப் பின்பற்றப்படும் கணக்கு. அறையே 32 பாகையில் இருக்கும் எமது ஊரில், அதற்கும் மேலாகக் கதவடைத்த அலுமாரி. வெப்பம் பெட்டியை அன்றைக்கு மட்டும் உறையவைப்பதில்லை, அதன் மின்வழங்கலையும் ஆண்டுக்கணக்கில் தின்றுகொண்டிருக்கின்றது. பெட்டியையும் அடப்டரையும் திறந்த இடத்தில் வைத்து, அடியில் நான்கு மூலைகளிலும் ஏதேனும் கொடுத்துச் சற்று உயர்த்திவிட்டால் போதும். துணி வேண்டாம். வேறு கருவியின் மேல் அடுக்கவும் வேண்டாம்.

அடப்டரும் வெப்பமும் காரணம் அல்ல என்று உறுதியான பின்னரே ரீசெற். மின்னிணைப்பை நீக்கிவிட்டு, பல்குத்தும் குச்சி ஒன்றை ஏ.வி. துளைக்குள் மெதுவாகச் செலுத்தினால், பல பெட்டிகளில் உள்ளே ஒரு பொத்தான் அழுந்துவது தெரியும். சிலவற்றில் அது அடிப்புறத்து ஊசித்துளையில் இருக்கும். அதனை அழுத்தியபடியே மின்னிணைப்பைக் கொடுத்துப் பத்துப் பதினைந்து விநாடிகள் பிடித்திருந்தால் மீட்புப் பட்டியல் திரையில் தோன்றும். எல்லோரும் பாய்ந்து தெரிவுசெய்வது Wipe data/factory reset என்ற வரியை. அதற்கு முன் Wipe cache partition என்பதைத் தெரிவுசெய்து, Reboot system now கொடுத்துப் பாருங்கள். தற்காலிகக் கோப்புகள் மட்டுமே அழியும், கணக்குகள் தப்பும். அது பலிக்காவிட்டால் மட்டும் முன்னையதற்குச் செல்லலாம்.

அந்த முழு ரீசெற்கூடப் பாவனையாளரின் பகுதியை மட்டுமே துடைக்கின்றது. இயங்குதளம் இருக்கும் பகுதியை அது தொடுவதில்லை. ஆகையால் சிதைந்த பேர்ம்வெயாரை ரீசெற் ஒருபோதும் திருத்தாது. அசையாத முதல் இலச்சினையிலேயே நிற்கின்ற பெட்டியைப் பத்துத் தடவை ரீசெற் செய்தும் பலன் கிடைக்காமைக்கு இதுவே காரணம். பட்டியலின் கீழே E:failed to mount /cache அல்லது /data என்று வரிகள் தோன்றி, துடைத்த பின்னரும் மறையாமல் இருந்தால், சேமிப்பகச் சில்லே தேய்ந்துபோயிருக்கக் கூடும். பேர்ம்வெயாரை மீண்டும் ஏற்றியும் அவை மறையாவிட்டால், "புதுசு எடுங்கோ" என்ற வாக்கியம் அந்த இடத்தில் நியாயமானது.

பேர்ம்வெயாரை மீண்டும் ஏற்றுவதில் இரண்டு அபாயங்கள் உண்டு. ஒரே உறையும் ஒரே பெயரும் கொண்ட இரு பெட்டிகளுக்குள் வெவ்வேறு வைஃபைச் சில்லும் வெவ்வேறு நினைவகமும் இருக்கலாம். பொருந்தாத கோப்பை ஏற்றினால் படம் வரும், வைஃபை வராது. அல்லது எதுவுமே வராது. பெட்டியைத் திறந்து, சுற்றுப்பலகையில் அச்சிட்டுள்ள இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அந்த இலக்கத்துக்குரிய கோப்பை விற்பவரிடமோ தயாரிப்பாளரிடமோ கேட்டுப் பெற வேண்டும். ஊர்பேர் தெரியாத தளத்தில் இருந்து எடுக்கக்கூடாது. இத்தகைய பெட்டிகள் பலவற்றில், வாங்குவதற்கு முன்னரே தீய மென்பொருள் புகுத்தப்பட்டிருந்ததாக அமெரிக்காவின் எப்.பி.ஐ. 2025 ஜூன் மாதத்தில் எச்சரித்திருந்தது. வீட்டு இணையத்தின் கதவைத் திறந்துவிடுகின்ற காரியம் அது.

மற்றைய அபாயம் மின்தடை. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. பேர்ம்வெயார் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பாதி எழுதிய கோப்போடு பெட்டி இலச்சினையிலேயே நின்றுவிடும். மின்கலத்தின் ஆதரவு இல்லாமல் அந்த வேலையில் இறங்கக்கூடாது.

மாதக் கட்டணம் செலுத்துகின்ற செய்மதி, கேபிள் பெட்டிகளின் நிலை வேறு. அவற்றின் பேர்ம்வெயார் பெரும்பாலும் அலைவழியே நிறுவனத்தில் இருந்து வருகின்றது. வெளிக் கோப்பு எதனையும் ஏற்ற முயலக்கூடாது. அடப்டரையும் வெப்பத்தையும் பார்த்துவிட்டு, அன்டெனா வயரைக் கழற்றி ஒருமுறை தொடங்கிப் பார்க்கலாம். வயர் இல்லாமல் எழுந்து, வயரோடு நிற்குமானால் கோளாறு டிஷ் பக்கத்து இணைப்பில் இருக்கக்கூடும். அதற்கும் மேல் திருத்தும் பொறுப்பு நிறுவனத்துடையது.

விற்பவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. ரீசெற் சொல்வதற்கு முன், "இலச்சினை அசையுதோ, ஒரே இடத்திலயோ நிக்குது, பெட்டி எங்க வைச்சிருக்கிறியள்?" என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். விற்கும் பெட்டிக்குரிய அடப்டரைத் தனியாகவும் விற்பனைக்கு வையுங்கள். சுற்றுப்பலகை இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஆசிரியை புதிய அடப்டருக்குக் கொடுத்த தொகை, புதிய பெட்டி ஒன்றின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இடைவெளியை முதியவர்களின் பணப்பையில் இருந்து எடுக்கின்ற பழக்கம் நிற்க வேண்டும்.