ஊசி போட்டவங்கதான் கூட மௌத்தாகினாங்களா?



கொரோனா காலத்தில் வந்த ஒரு பழைய மெசேஜ் நம்ம குரூப்களில் திரும்பவும் சுற்றுகிறது. இங்கிலாந்து அரசின் கணக்குப்படியே ஊசி போட்டவர்கள் போடாதவர்களை விட இரண்டு மடங்குக்கு மேல் மௌத்தானார்களாம். பொய் என்று சொல்லி ஒதுக்க முடியாது, எண்கள் உண்மை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இவை 2021 பெப்ரவரி முதல் ஆகஸ்ட் ஆரம்பம் வரை இங்கிலாந்தில் டெல்டா தொற்று உறுதியானவர்களின் கணக்கு. ஒரு ஊசியாவது போட்டவர்களை 'போட்டவர்' என்று எடுத்திருக்கிறேன்.

| | போட்டவர்: தொற்று / மரணம் | போடாதவர்: தொற்று / மரணம் |
|---|---|---|
| 50க்குக் கீழ் | 89,807 / 21 (0.02%) | 147,612 / 48 (0.03%) |
| 50உம் மேலும் | 27,307 / 460 (1.68%) | 3,440 / 205 (5.96%) |
| மொத்தம் | 117,114 / 481 (0.41%) | 151,052 / 253 (0.17%) |

கடைசி வரியை மட்டும் பார்த்தால் ஊசி ஆபத்து. மேலே உள்ள இரண்டு வரிகளிலும் ஊசி போட்டவர்களுக்குத்தான் மரண வீதம் குறைவு. கூட்டலில் பிழை இல்லை, நீங்களே கூட்டிப் பாருங்கள்.

காரணம் வயது. அங்கே ஊசியை முதலில் வயசாளிகளுக்குத்தான் கொடுத்தார்கள். அதனால் தொற்றிய 'போட்டவர்'களில் 100க்கு 23 பேர் 50ஐத் தாண்டியவர்கள், 'போடாதவர்'களில் 100க்கு 2 பேர்தான். இந்த நோய் அள்ளிக்கொண்டு போனதும் வயசாளிகளைத்தான். ஆக, மொத்த வரி ஊசியை ஒப்பிடவில்லை, வாப்பாமாரையும் இளந்தாரிகளையும் ஒப்பிடுகிறது.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஊசி போட்ட அதே 117,114 பேரும், அவரவர் வயதில் போடாதவர்களின் வீதத்தில் மௌத்தாகியிருந்தால்? பெரியவர்களில் 1,627, இளையவர்களில் 29, மொத்தம் சுமார் 1,656. உண்மையில் மௌத்தானவர்கள் 481.

புள்ளிவிபரவியலில் இதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தால் உண்மை வரும் என்றும் நினைக்க வேண்டாம். வயது ஊசிக்கு முன்னமே இருப்பது, அதனால் அப்படிப் பிரிப்பது சரி. ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர், சேர்க்கப்படாதவர் என்று பிரித்தால் பிழைத்துவிடும். ஏனென்றால் யார் ஆஸ்பத்திரி வரை போகிறார் என்பதையே ஊசி மாற்றுகிறது.

2020 மார்ச்சில் நம்ம அக்குறணையை மூடியதும், பிறகு ஜனாஸாக்களை எரித்ததும் யாருக்கும் மறக்காது. அந்தக் காயத்தால் அரசாங்கம் சொன்ன எதையும் நம்ப மனம் வரவில்லை, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அவநம்பிக்கையில் ஊசி வேண்டாம் என்று இருந்தவர்களில் நம்ம வீட்டுப் பெரியவர்களும் உண்டு. மேலே 5.96 என்று இருக்கும் வரி அவர்களுடையது. அந்த மெசேஜை அனுப்பியவர் அந்த வரியை வெட்டிவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார். இனி வந்தால், வயது வாரியான கணக்கு எங்கே என்று அவரிடமே கேளுங்கள்.