இடது கால் என்ன பாவம் செய்தது?

"இடது கால் என்பது பிறவியிலேயே அமைய வேண்டும், பழக்கி வருவதல்ல" என்று ஒரு பயிற்றுநர் என்னிடம் அடித்துச் சொன்னார். இடம் கற்பிட்டி, மாலை நேரம். மைதானத்தில் அவருடைய மாணவன் ஒருவன், இடப்பக்கம் வந்த பந்தை வலது காலுக்கு மாற்றிக்கொள்வதற்காக உடலையே ஒரு சுற்றுச் சுற்றினான். அதற்குள் எதிரணிப் பின்கள வீரன் வந்து நின்றுவிட்டான். பயிற்றுநர் பையனைத் திட்டினார். திட்டவேண்டியது யாரை என்பதே என் வழக்கு.

1998 உலகக் கிண்ண ஆட்டங்களை வைத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. வீரர்களில் பத்துக்கு எட்டுப் பேரளவில் வலது காலினர். பந்தைத் தொட்டதில் மிகப்பெரும்பகுதி தத்தம் விருப்பக் காலாலேயே. இதில் வியப்பில்லை. ஆனால் மறுகாலை அரிதாகப் பயன்படுத்தியபோது, அவர்கள் ஏறத்தாழ அதே அளவுக்கு வெற்றி கண்டார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. ஜேர்மனியின் பிறெமெ 1986இல் மெக்சிக்கோவுடனான காலிறுதியில் தண்ட உதையை இடது காலால் அடித்தார்; 1990 இறுதியாட்டத்தில் ஆர்ஜென்டீனாவுக்கு எதிராக வலது காலால் அடித்துக் கிண்ணத்தையே வென்றுகொடுத்தார். அவருக்கு எது பிறவிக் கால்?

உண்மையில் இடறுவது உதைக்கும் கால் அல்ல, ஊன்றும் கால். வலது காலினன் இடதால் அடிக்கும்போது, வாழ்நாளெல்லாம் உதைத்தே பழகிய வலது கால் முதன்முறையாக உடலைத் தாங்க வேண்டியிருக்கிறது. அது பந்துக்குப் பின்னால் தங்கிவிட்டால் உடல் பின்சாயும், பந்து மேலெழும். அதன் விரல்கள் வலப்புறம் திரும்பியிருந்தால் பந்தும் அங்கேயே போகும். நம் கரையோரப் பிள்ளைகள் விளையாடும் உலர்மணலில் ஊன்றுகால் புதைந்துவிடுவதால் இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தொடக்கம் இறுகிய தரையில், ஒரு சுவருக்கு முன்னால் இருக்கட்டும். மே தொடங்கி வீசும் தென்மேல் காற்றுக்கும் அந்தச் சுவரே மறைப்பு.

மேற்சொன்ன பையனோடு நான் வாதாடிச் செய்வித்தது இவ்வளவுதான். சுவரில் முழங்காலுக்குக் கீழே, அரை மீற்றர் அகலத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கட்டம். மூன்று மீற்றர் தள்ளி நின்று, உட்பாதத்தால் இருபது தடவை. ஊன்றுகால் பந்துக்கு ஒரு சாண் பக்கத்தில், விரல்கள் கட்டத்தை நோக்கி. உதைக்கும் கணுக்கால் இறுகி, பெருவிரல் சற்று உயர்ந்து. திரும்பிவரும் பந்தையும் இடது காலாலேயே நிறுத்த வேண்டும். பந்து பக்கவாட்டில் சுழன்று வந்தால் நடுவில் படவில்லை என்று பொருள். இருபதில் பதினாறு கட்டத்துக்குள் விழுந்த பிறகே அரை மீற்றர் பின்னால் போகலாம்.

நாளுக்குப் பத்து நிமிடம், கிழமைக்கு ஆறு நாள். ஞாயிறு மட்டும் இரண்டு மணிநேரம் இடதுகாலை வதைக்கும் நம்மவர் முறை எனக்கு உடன்பாடல்ல. களைத்த காலில் பிழைதான் பழகும். வளரும் பிள்ளையின் குதியிலோ முழங்காலுக்குக் கீழேயோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும், வீரம் பேசக் கூடாது.

ஐந்து மீற்றரிலும் பதினாறு வந்ததும் சுவரை விட்டுக் கோலுக்குப் போனோம். தோழன் ஒருவன் இடப்பக்கமாகப் பந்தை உருட்டிவிட, பன்னிரண்டு மீற்றரிலிருந்து தூரக் கம்பத்தை நோக்கி உட்பாதத்தால் அடிக்க வேண்டும். இரண்டே தொடுகை; வலிமை வேண்டாம், இடம்தான் வேண்டும். அது அமைந்ததும் அதே தோழன் இரண்டு மீற்றர் பின்னாலிருந்து துரத்தினான். காலை நீட்டிப் பறிக்கக் கூடாது, மூச்சுச் சத்தம் மட்டும் காதில் கேட்டால் போதும்.

முதல் நாளே குட்டு வெளிப்பட்டது. சுவரில் பதினாறு அடித்தவன், துரத்தல் வந்ததும் பத்தில் ஆறு தடவை பழையபடி வலது காலுக்கு ஓடினான். நான் கோல்களை எண்ணவில்லை, இந்த ஓட்டங்களைத்தான் எண்ணினேன். பத்தில் மூன்றுக்கு மேற்பட்டால் துரத்துபவனை மூன்று மீற்றருக்குத் தள்ளிவைப்பது எங்கள் விதி. ஒன்றரை மாதம் அப்படியும் இப்படியுமாகவே போனது. ஒரு கிழமை முழுவதும் முன்னேற்றமே இல்லை.

இடது கால் வலதுக்குச் சமமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை, ஆகாது. நெடுந்தூர உதைக்கு அவன் இன்றும் வலதைத்தான் நம்புகிறான். ஆனால் அந்தச் சுற்று, பின்கள வீரனுக்கு நேரம் கொடுத்த அந்த ஒரு தொடுகை, இல்லாமல் போயிற்று.

அடுத்த ஆட்டத்தில் பந்து இடப்பக்கம் வந்தது. சுற்றவில்லை, இடதாலேயே அடித்தான். காப்பாளர் பாய்ந்து தட்டிவிட்டார். கோட்டருகே நின்ற பயிற்றுநர் கத்தினார்: "வலதால் அடித்திருக்கலாமே!"