எண்ணிக்கை ஒத்துவந்தால் போதுமா?

ஆய்வேட்டில் குறிப்பெண்கள் ஆறு, இறுதியில் குறிப்புகளும் ஆறு. ஆகவே அனைத்தும் சரி. சரோஜினி நகரில் அறையெடுத்துத் தங்கி ஆய்வேட்டை முடிக்கும் மாணவர் முதல் அதை மதிப்பிடும் பேராசிரியர் வரை பலர் நம்பும் கணக்கு இது. கணக்குச் சரிதான், முடிவுதான் பிழை.

ஓர் எடுத்துக்காட்டு. மூலக்கட்டுரையில் பக்கந்தோறும் அடிக்குறிப்பு 1இலிருந்து தொடங்குகிறது: முதற்பக்கத்தில் இரண்டு, இரண்டாம் பக்கத்தில் மூன்று, மூன்றாம் பக்கத்தில் ஒன்று. முதற்குறிப்பு கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் (1856), அடுத்தது ‘மேலது’. இரண்டாம் பக்கத்தின் முதற்குறிப்பு பர்ரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961).

பக்கங்களை வெற்றுரையாக ஒட்டியவுடன் மேலெழுத்து வடிவம் மறைகிறது. ‘1856’ என்ற ஆண்டும் அதனருகே நின்ற குறிப்பெண் 1உம் கலந்து ‘18561’ ஆகின்றன. இது கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாதது வேறொன்று. முதற்பக்கத்தின் இரண்டாம் பத்தியை எழுதுபவர் அகராதி பற்றிய பத்திக்குப் பின் நகர்த்துகிறார். எண்களை 1 முதல் 6 வரை வரிசையாக இடுகிறார். இப்போது 3ஆம் குறிப்பாக நிற்கும் ‘மேலது’ கால்டுவெல்லைச் சுட்டவில்லை. பர்ரோ, எமனோவைச் சுட்டுகிறது. ஆறுக்கு ஆறு ஒத்துவருகிறது. ஒருவர் கருத்து மற்றொருவர் பெயரில் ஏறிவிட்டது.

‘மென்பொருளில் இறுதிக்குறிப்பாகச் செருகினால் தானே சரியாகிவிடும்’ என்பது வழக்கமான விடை. மென்பொருள் எண்களை வரிசைப்படுத்தும். ‘மேலது’ எதைச் சுட்டுகிறது என்பதை அது அறியாது.

செய்யவேண்டியது எளிது, ஆனால் வரிசை மாறக்கூடாது. மூலம் கையிலிருக்கும்போதே, பத்தி எதையும் நகர்த்துமுன், ஒவ்வொரு குறிப்பெண்ணையும் பக்க எண்ணோடு சேர்த்துத் தனியடையாளமாக மாற்றவேண்டும்: `[[1-2]]` என்றால் முதற்பக்கம், இரண்டாம் குறிப்பு. குறிப்பின் தலையிலும் அதே அடையாளம். அடுத்து ‘மேலது’ அனைத்தையும் ஆசிரியர் பெயரும் சுருக்கத் தலைப்புமாக விரித்தெழுதவேண்டும். பத்திகளை நகர்த்துவது அதன்பிறகே. இறுதியில் உரையை முதலிலிருந்து படித்து, அடையாளம் வரும் இடந்தோறும் வேர்டில் `Alt+Ctrl+D` அழுத்தி உரிய குறிப்பை உள்ளே இடவேண்டும். மேலே கண்ட எடுத்துக்காட்டில் `[[1-1]]`, `[[2-1]]`, `[[1-2]]` என்பவை முறையே 1, 2, 3 ஆகும். முடிவில் `[[` என்று தேடினால் ஒன்றும் அகப்படக்கூடாது.

அதன்பின்னும் ஒரு வேலை எஞ்சும்: ஒவ்வோர் எண்ணிலும் நின்று, அந்த வாக்கியத்தை அந்தக் குறிப்பிலுள்ள நூல் தாங்குகிறதா என்று பார்ப்பது. இதைத் தட்டச்சாளரின் வேலை என்று தள்ளிவிடுகிறார்கள். எந்தக் கருத்து யாருடையது என்பதைத் தட்டச்சாளர் எவ்வாறு அறிவார்? அதை அறிந்திருக்கவேண்டியவர் ஆய்வாளர் ஒருவரே.