25 சென்டிமீட்டரில் வலை பின்ன முடியுமா?

இந்த வாரம் என்னைக் கோபப்படுத்தியது ஒரு வினாத்தாள். பத்தாம் வகுப்பு அறிவியல், திருப்புதல் தேர்வு, ஒளியியல் பாடம். எந்தப் பள்ளி என்பது வேண்டாம், எல்லா ஊரிலும் இதே வினாக்கள்தான். "கிட்டப்பார்வை என்றால் என்ன? படம் வரைந்து விளக்குக." "தூரப்பார்வையைச் சரிசெய்யப் பயன்படும் லென்ஸ் எது?" பக்கத்து வீட்டுப் பெண் எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். விழிக்கோளம், விழித்திரை, முன்னால் ஒரு குழிலென்ஸ், பென்சிலால் சீவிவிட்டது போன்ற கதிர்கள். அழகான படம். "இந்தக் குழிலென்ஸ் உண்டாக்குகிற பிம்பம் எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். "அதெல்லாம் கேக்க மாட்டாங்க மாமா" என்றாள்.

உண்மைதான், கேட்க மாட்டார்கள். கேட்டிருந்தால் பழவேற்காட்டில் நான் பார்த்த ஒரு மூக்குக்கண்ணாடி சட்டைப்பையில் சும்மா கிடந்திருக்காது.

25 சென்டிமீட்டர் மீது எனக்குள்ள வருத்தம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். தெளிவாகப் பார்ப்பதற்கான மீச்சிறு தொலைவு என்று பாடநூல் தருகிற எண் அது. இளம் வயதினருக்கான ஒரு பொது அளவு, அவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளை பத்து சென்டிமீட்டருக்கும் உள்ளே கொண்டுவந்து படிக்கும். அறுபதை நெருங்குகிறவருக்கு அந்த அண்மைப்புள்ளி ஒரு மீட்டருக்கு ஓடிவிடும். ஆனாலும் கணக்கு என்று வந்தால் எல்லாரையும் 25-இல் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுகிறோம். படிக்கிறவர், தைக்கிறவர், பூக் கட்டுகிறவர், வலை பின்னுகிறவர், எல்லாருக்கும் ஒரே தொலைவு.

லைட்ஹவுஸ் குப்பத்துப் பக்கம், படகு நிழலில் உட்கார்ந்து ஒரு பெரியவர் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கிழிந்த ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலை ஊசியால் கண்ணி கண்ணியாக முடிச்சுப் போடுகிறார். நரம்பு வலை. வெயிலில் அந்த இழை இருப்பதே தெரியாது, முடிச்சு மட்டும் மினுக்கும். விரல் தடவிப் பார்த்து, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை இடுக்கி, மறுபடி தடவிப் பார்த்து. பையில் புதுக் கண்ணாடி. ஏன் போடவில்லை என்று கேட்டேன். "கேம்ப்ல குடுத்தாங்க. பேப்பர் நல்லா தெரியுது. வலைய எடுத்தா மங்கிடுதுப்பா" என்றார்.

அவர் கண்ணாடியின் திறன் +3 டையாப்டர். இதை வகுப்பறைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். தூரப் பார்வையில் அவருக்குக் குறை இல்லை, கலங்கரை விளக்கம் துல்லியமாகத் தெரிகிறது. அண்மைப்புள்ளி ஒரு மீட்டர் என்று கொள்வோம். பாடநூல் வழிப்படி, 25 செ.மீ.யில் இருக்கும் பொருளின் பிம்பம் 100 செ.மீ.யில் விழவேண்டும். தொலைவை மீட்டரில் எழுதித் தலைகீழாக்கினால் டையாப்டர். 25 செ.மீ.க்கு 4, ஒரு மீட்டருக்கு 1. நான்கில் ஒன்று போக மூன்று. விடை +3, முழு மதிப்பெண்.

இப்போது யாரும் கேட்காத அடுத்த வினாவைக் கேளுங்கள். இந்தக் கண்ணாடியோடு அவர் எவ்வளவு தூரம் வரை தெளிவாகப் பார்ப்பார்? கண் தசையை முழுவதும் தளர்த்திவிட்டால், லென்சின் குவியத் தொலைவு வரை. அதாவது ஒரு மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, 33 செ.மீ. அதற்கு அப்பால் எல்லாமே மங்கல். அவருடைய கண்ணில் மிச்சமிருக்கும் ஏற்பமைவு ஒரே ஒரு டையாப்டர். அதை முழுக்கச் செலவழித்தாலும் 33-இலிருந்து 25 வரை உள்ளே வரலாம், வெளியே போக முடியாது. ஆக, அந்தக் கண்ணாடி அவருக்குக் கொடுத்தது எட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டை. அதற்குள் செய்தித்தாள் இருக்கிறது, வலை இல்லை. கட்டைவிரலில் மாட்டி இழுத்த வலையும் கண்ணும் சுமார் அரை மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன.

அரை மீட்டருக்கு வேண்டியது 2 டையாப்டர். அவரிடம் இருப்பது 1. மிச்சத்துக்கு +1 கொடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்று ஒரு நல்ல மாணவி சொல்வாள். லென்ஸ் சமன்பாட்டில் போட்டால் 50 செ.மீ.யில் உள்ள முடிச்சின் மாயபிம்பம் சரியாக 100 செ.மீ.யில் விழுகிறது. தாளில் சரி. ஆனால் தசையின் கடைசிச் சொட்டு வலிமை வரை பிழிந்துகொண்டு காலை முதல் மதியம் வரை யாராலும் முடிச்சுப் போட முடியாது, தலைவலி வந்துவிடும். கண் பரிசோதிப்பவர்கள் இருப்பதில் பாதியைக் கையிருப்பாக விட்டுவைப்பது வழக்கம். பாதி என்றால் அரை டையாப்டர். அப்போது கண்ணாடி +1.5 ஆகிறது. முடிச்சின் பிம்பம் இரண்டு மீட்டருக்குப் போய்விடும், கண் சிரமமில்லாமல் பார்க்கும். தெளிவாகத் தெரியும் பட்டையும் 40 முதல் 67 செ.மீ. வரை விரிகிறது. ஊசி, முடிச்சு, கால் விரல் எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன. கடைத்தெருவில் கோத்துத் தொங்கவிட்டிருக்கும் கண்ணாடிகளில் +1.5 தாராளமாகக் கிடைக்கிறது. பெரியவருக்குக் கிடைத்தது பழுதான கண்ணாடி அல்ல. யாரும் அவருடைய கண்ணுக்கும் வலைக்கும் நடுவே ஒரு அளவுகோலை வைத்துப் பார்க்கவில்லை.

இந்தத் தொலைவுக்கு உள்ள மதிப்பு கூலியில் தெரியும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. கிட்டத்தில் பார்க்கும் கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலை, பெறாதவர்களோடு ஒப்பிட, ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. வலைக்கு அப்படி ஓர் ஆய்வை நான் கண்டதில்லை. தவறவிட்ட ஒரு கண்ணி வழியாக எத்தனை இறால் போகும் என்று ஏரிக்கரையில் கேட்டால் சொல்வார்கள்.

கதிர்ப்படத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் வரையும் படத்தில் கண்ணாடி, கண்ணைத் திருத்துவதுபோல் தெரிகிறது. கதிர்கள் முன்னால் குவிந்தன, லென்ஸ் வைத்தோம், விழித்திரையில் குவிந்தன, முடிந்தது. உண்மையில் கண் அப்படியேதான் இருக்கிறது. கண்ணாடி செய்வது, பார்க்க முடியாத இடத்தில் இருக்கும் பொருளுக்கு, பார்க்க முடிகிற இடத்தில் ஒரு பிம்பத்தை உண்டாக்குவது. லென்சைத் தாண்டி வந்த கதிர்களைப் புள்ளிக்கோடாகப் பின்னோக்கி நீட்டினால் அந்த இடம் கிடைத்துவிடும். அந்தப் புள்ளிக்கோட்டைத்தான் எந்த வினாவும் கேட்பதில்லை. இதை நான் பெரிய குறையாக நினைக்கிறேன்.

குப்பத்து வகுப்பில் இதை இப்படிக் கேட்கலாம். ஒரு பையனுக்குக் கிட்டப்பார்வை, சேய்மைப்புள்ளி 50 செ.மீ. முகத்துவாரத்தில் வரும் படகு யாருடையது என்று தெரியவில்லை. −2 டையாப்டர் குழிலென்ஸ் கொடுக்கிறோம். படகின் பிம்பம் எங்கே? அவன் முகத்துக்கு அரை மீட்டர் முன்னால். அவன் கடலைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, அரை மீட்டரில் இருக்கும் ஒரு சின்னப் பிம்பத்தைப் பார்க்கிறான். இதோடு விட்டுவிடாமல் அவன் அப்பாவையும் கணக்கில் சேருங்கள். வயது ஐம்பது, அவருக்கும் அதே −2. படகில் போகும்போது கண்ணாடி போட்டுக்கொள்கிறவர், வலையைச் சரிசெய்ய உட்கார்ந்ததும் கழற்றி வைத்துவிடுகிறார். ஏன்? வலை 50 செ.மீ.யில் இருக்கிறது, அவருடைய வெறுங்கண்ணின் சேய்மைப்புள்ளியும் 50 செ.மீ. எந்த முயற்சியும் இல்லாமல் முடிச்சு விழித்திரையில் விழுகிறது. கண்ணாடியோடு பார்த்தால் அதே முடிச்சின் பிம்பம் 25 செ.மீ.க்கு வந்துவிடும். மகனால் அதைப் பார்க்க முடியும், அந்த வயதில் அப்பாவால் சிரமமில்லாமல் பார்க்க முடியாது. ஒரே கோளாறு, ஒரே லென்ஸ், இரண்டு வயது. இந்த ஒரு வினாவில் கிட்டப்பார்வை, வெள்ளெழுத்து, மாயபிம்பம் மூன்றும் வந்துவிடுகின்றன.

இன்னொரு வினா கொஞ்சம் அவசரமானது. எழுபது வயதுத் தாத்தா ஒருவர், பல வருடமாகக் கண்ணாடி போட்டு வலை பின்னியவர், "எனக்குப் பார்வை திரும்பி வந்துடுச்சு, இப்ப கண்ணாடியே வேணாம்" என்கிறார். வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் முன்பு தெரிந்த கலங்கரை விளக்கம் இப்போது கலங்கித் தெரிகிறது. அவர் கண்ணில் என்ன நடந்தது, படம் வரைக. விடை: கண்புரையின் ஒரு வகையில் விழிலென்சின் நடுப்பகுதி இறுகி ஒளிவிலகல் எண் கூடுகிறது. அதனால் குவியத் தொலைவு குறைந்து, தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்பே விழுகிறது. அதாவது அந்த வயதில் வந்த கிட்டப்பார்வை. அது கிட்டத்து வேலைக்குச் சில காலம் உதவும், பிறகு புரை முற்றி எல்லாமே மங்கும். இந்தப் படத்தை வரைந்து பழகிய பேத்தி, தாத்தாவைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்வாள்.

லென்ஸ் குறையா, வேறு நோயா என்று பார்க்கவும் ஒரு கதிர்ப்படம் இருக்கிறது. ஓர் அட்டையில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் துளை போட்டு, அதன் வழியே ஒற்றைக் கண்ணால் பார்க்கச் சொல்ல வேண்டும். துளை மெல்லிய கற்றையை மட்டும் விடுவதால், குவிவது முன்னாலோ பின்னாலோ இருந்தாலும் விழித்திரையில் விழும் மங்கல் வட்டம் சிறுத்துவிடும். எழுத்து தெளிந்தால் கண்ணாடி உதவும். தெளியாவிட்டால் புரையோ விழித்திரைக் கோளாறோ இருக்கலாம், மருத்துவர் பார்க்க வேண்டும். பெரியவர் கண்ணை இடுக்கியதும் இதே துளை வேலைதான்.

பழவேற்காட்டைச் சுற்றியுள்ள பள்ளிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளியில் 6 மீட்டர் தள்ளி அட்டை மாட்டிப் பிள்ளைகளின் தூரப் பார்வையைச் சோதிக்கிறீர்கள், அது நடக்கட்டும். ஒளியியல் பாடம் வரும் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஓர் அளவு நாடா கொடுத்து அனுப்புங்கள். வீட்டில் நாற்பதைத் தாண்டிய ஒருவர் அவருடைய வேலையைச் செய்யும்போது கண்ணுக்கும் கைக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து வரட்டும். கணக்கில் 25 இருக்கும் இடத்தில் அந்த எண்ணைப் போடச் சொல்லுங்கள்.