அமாவாசை வேறு, பிறை வேறு



ஆடி, தை அமாவாசைகளில் வேதாரண்யம் கடலில் நீராடி முன்னோருக்குத் திதி கொடுக்க இந்துச் சகோதரர்கள் திரள்வதை, தோப்புத்துறைப் பகுதியில் வாழும் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். நிலவு முற்றிலும் மறைந்த நாள் அவர்களுக்குரியது. அது மீண்டும் கண்ணுக்குத் தெரியும் மாலையே நமக்குரியது. இவ்வேறுபாட்டை மறப்பதால்தான், "அமாவாசை முடிந்துவிட்டதே, நாளை ஏன் நோன்பில்லை?" என்ற கேள்வி நம் வீடுகளில் எழுகிறது.

பிறை கண்டு நோன்பு வைக்கவும், பிறை கண்டு நோன்பை விடவும், மேகம் மறைத்தால் முப்பது நாள்களாக நிறைவு செய்யவும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். 2024ஆம் ஆண்டு ரமளானை எடுத்துக்கொள்வோம். மார்ச் 10 பிற்பகல் 2.30 மணியளவில் சூரியனும் நிலவும் ஒரே திசையில் கூடின. அன்று மஃரிப் வேளையில் பிறையின் வயது நான்கு மணி நேரமே. எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. மறுநாள் மாலை அதற்கு இருபத்தெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஆகவே மார்ச் 12 அன்று நம் முதல் நோன்பு அமைந்தது.

பெருநாளில்தான் சோதனை வந்தது. அடுத்த அமாவாசை ஏப்ரல் 8 நள்ளிரவையொட்டி நிகழ்ந்தது. ஏப்ரல் 9 மாலை பிறைக்கு வயது ஏறத்தாழ பதினெட்டரை மணி நேரம். வானம் தெளிந்திருந்தால் கூரிய கண்ணுக்கு எட்டும். அடிவானத்தில் சிறு மூட்டமிருந்தாலும் தப்பிவிடும். கேரளத்தில் பிறை கண்டதாக அறிவித்து ஏப்ரல் 10 அன்று பெருநாள் கொண்டாடினர். தமிழகத்தில் முப்பது நோன்பும் நிறைவு செய்து ஏப்ரல் 11 அன்று கொண்டாடினோம்.

"யார் செய்தது தவறு?" என்று அன்று பல குடும்பங்களில் வாக்குவாதம் எழுந்தது. பௌர்ணமியைச் சான்றாகக் காட்டியவர்களும் உண்டு. அந்தப் பௌர்ணமி ஏப்ரல் 24 அதிகாலையில் நிகழ்ந்தது. அன்று நம் கணக்கில் ஷவ்வால் 14, அவர்கள் கணக்கில் 15. முழுநிலவு இவ்விரு தேதிகளிலும் வரக்கூடியதே. அய்யாமுல் பீழ் எனப்படும் 13, 14, 15 ஆகிய மூன்று நாள் நோன்பு முழுநிலவையொட்டி அமைவது. எனினும் ஒரு நாள் வேறுபாட்டைத் தீர்க்கும் அளவுகோலாகப் பௌர்ணமி உதவாது.

எனவே நம் கருத்து இதுவே. வானியல் கணக்கு, பிறை தெரியவே வாய்ப்பில்லாத மாலையை உறுதியாகச் சொல்லும். அந்த அளவில் அதை ஏற்போம். ஆனால் எல்லையில் நிற்கும் மாலையில் முடிவு கண்ணுக்கும் சாட்சிக்கும் உரியது. அதனை ஏற்று ஜமாஅத்துடன் இணைந்திருப்போம். வரும் இருபத்தொன்பதாம் மாலையில், கிழக்கே உள்ள கடலுக்கு முதுகு காட்டி, மேற்கு வானைப் பிள்ளைகளுடன் சேர்ந்து பார்ப்போம். தேடிப் பார்த்தும் பிறை கிட்டாத மாலை எப்படியிருக்கும் என்பதை அறிந்த பிள்ளை, அயலூரில் ஒரு நாள் முன்னதாகப் பெருநாள் வந்தால் அவர்களைப் பழிக்காது.